முகவர் சொன்ன 12 சதவீதம்

நேயர்களுக்கு வணக்கம். சராசரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒரு சின்னக் கோபம் வரும். கடலூரில் வங்கி மேசைக்குப் பின்னால் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் வந்த கோபம் அது. காரணத்தைச் சொல்கிறேன்.

2010 ஜனவரி, பொங்கலுக்கு முந்தைய வாரம். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கையில் இரண்டு தாள்கள். ஒன்று, முதலீட்டு முகவர் கொடுத்த வழவழப்பான வண்ணத்தாள். ‘இரண்டு ஆண்டுகளின் சராசரி வருமானம் 12 சதவீதம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மற்றது அவருடைய கணக்கு அறிக்கை. 2007 டிசம்பர் கடைசியில், பங்குச்சந்தைக் குறியீட்டெண்ணான நிஃப்டியை ஒட்டி நடக்கும் ஒரு ஃபண்டில் போட்ட ஒரு லட்சம், 84 ஆயிரத்துச் சொச்சமாக நின்றது.

“தம்பி, முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். வருடத்துக்கு 12 சதவீதம் லாபம் என்றால் பணம் எப்படிக் குறையும்? யாராவது எடுத்துவிட்டார்களா?” என்று கேட்டார்.

யாரும் எடுக்கவில்லை. இரண்டு தாளும் உண்மையே சொன்னன. 2008-ல் நிஃப்டி ஏறக்குறைய 52 சதவீதம் விழுந்தது. 2009-ல் 76 சதவீதம் ஏறியது. எழுபத்தாறில் ஐம்பத்திரண்டைக் கழித்தால் 24. இரண்டால் வகுத்தால் 12. முகவரின் வகுத்தல் சரிதான்.

வந்திருந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் அண்ணனுக்கு எழுதிக் காட்டினேன். ஒரு லட்சத்தில் 52 சதவீதம் போனால் மிச்சம் 48 ஆயிரம். அடுத்த ஆண்டின் 76 சதவீதம் அந்த 48 ஆயிரத்தின் மேல்தான் ஏறும், பழைய ஒரு லட்சத்தின் மேல் ஏறாது. ஏறிய தொகை முப்பத்தாறாயிரத்துச் சொச்சம். ஆக, 84 ஆயிரத்துச் சொச்சம்.

நம் பண்ருட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2011 கடைசியில் தானே புயல் அடித்ததே, நினைவிருக்கிறதா? நூறு முந்திரி மரத்தில் ஐம்பது சாய்ந்தால் அது 50 சதவீத இழப்பு. மறுபடி நூறு மரம் வேண்டுமென்றால் நிற்கிற ஐம்பதுக்கு இன்னும் ஐம்பது சேர வேண்டும். அது 100 சதவீதம். விழுவதற்கு ஐம்பது, எழுவதற்கு நூறு. சராசரி போடுகிறவர் இந்த இரண்டு சதவீதத்தையும் ஒரே எடை என்று எண்ணிக் கூட்டுகிறார். திரும்பவும் சொல்கிறேன், ஒவ்வொரு ஆண்டின் சதவீதமும் முந்தைய ஆண்டு மிஞ்சியதன் மேல்தான். வைப்புத்தொகையில் வருடா வருடம் ஒரே வட்டி என்பதால் இந்தத் தொல்லை தெரிவதில்லை. ஏற்ற இறக்கம் பெருகப் பெருகத்தான் சராசரி உண்மையைவிட மேலே நிற்கும்.

அண்ணன் கேட்க வேண்டியிருந்தது கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம், சிஏஜிஆர் என்பார்கள். ஒரு லட்சம், சமமான இரண்டு படிகளில் 84 ஆயிரத்துக்கு இறங்கினால் ஒரு படி எவ்வளவு? ஏறக்குறைய 8 சதவீதம் நஷ்டம். ஒரு லட்சம் 92 ஆயிரமாகும், 92 ஆயிரம் 84 ஆயிரத்துச் சொச்சமாகும். சரியாகப் பொருந்துகிறது.

அப்படியானால் சிஏஜிஆர் யோக்கியமானதா என்றால், அதற்கும் ஒரு கள்ளத்தனம் உண்டு. அது முதல் நாளையும் கடைசி நாளையும் மட்டுமே பார்க்கும். 2007 கடைசியில் நிஃப்டி 6,138. 2010 கடைசியில் 6,134. மூன்று ஆண்டில் வளர்ச்சி பூஜ்யம். தொடக்கத்தை ஒரே ஓர் ஆண்டு தள்ளி, 2008 கடைசியில் இருந்த 2,959-இலிருந்து எண்ணிப் பாருங்கள். வருடத்துக்கு 44 சதவீதம்! அதே நிஃப்டி, அதே முடிவு நாள். விளம்பரத்தில் சிஏஜிஆர் பார்த்தால் எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள். தொடக்கம் ஒரு பெரும் சரிவின் அடியில் இருந்தால், அந்தத் தேதியை யாரோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒலிப்பதிவு அறையில் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். மாதாமாதம் பணம் கட்டுகிறவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்குகிறேன்.

அண்ணன் மனைவி, 2008 கடைசியில் சந்தை படுத்துக் கிடந்தபோது, கணவரிடம்கூடச் சொல்லாமல் அதே ஃபண்டில் ஒரு லட்சம் போட்டிருந்தார். அது ஓராண்டில் 1,76,000 ஆனது. வீட்டுக் கணக்கில் போட்டது இரண்டு லட்சம், இருப்பது 2,60,000. முகவரின் 12-ம் என்னுடைய கழித்தல் 8-ம் இந்த வீட்டுக்குப் பொருந்தவில்லை. எந்தப் பணம் எந்தத் தேதியில் போனது என்று பார்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 19 சதவீதம் லாபம். கணினியில் எக்ஸ்ஐஆர்ஆர் என்ற பெயரில் இந்தக் கணக்கு இருக்கிறது. தேதிகளையும் தொகைகளையும் கொடுத்தால் போதும். தவணையாகக் கட்டுகிறவர்கள் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

அந்தப் பத்திரிகையை அண்ணன் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். கல்யாணம் எந்த மண்டபத்தில் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நேரமாகிறது, வணக்கம்.