மூன்றாவது பத்தியில் ஒரு கோரிக்கை

வணக்கம் நேயர்களே.

வாடிக்கையாளர் மெயில்களைப் படித்துப் பதில் போடுவது உங்களில் பலருக்குத் தினசரி வேலையாக இருக்கும். அந்த மெயில்களுக்குள் சட்டப்படி கெடு வைத்த கோரிக்கை ஒன்று ஒளிந்து வந்தால் அதை எப்படி அடையாளம் காண்பது, யாரிடம் சேர்ப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. நான் தரவுப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தபோது வந்த ஒரு மெயிலை வைத்தே சொல்கிறேன்.

அந்த நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ளவர்களுக்கும் பொருள் விற்றது. அதனால் ஜிடிபிஆர் எனப்படும் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை எங்களைக் கட்டுப்படுத்தியது. 2025 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை. அலுவலகம் மூடிய பிறகு, மாலையில் ஒரு பெண்மணியின் மெயில் பொது முகவரிக்கு வந்தது. தலைப்பு, "உடைந்த பொருள், பணம் திரும்ப வேண்டும்". முதல் பத்தியில் பொருள் உடைந்து வந்த கதை. இரண்டாவது பத்தியில், சாட்டில் பேசிய ஊழியர் ஒன்று சொன்னார், போனில் பேசியவர் வேறு சொன்னார் என்ற குறை. மூன்றாவது பத்தி இரண்டே வரி: "இனி உங்களோடு எந்த வரவுசெலவும் வேண்டாம். சாட்டில் பேசியது உட்பட என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எல்லாவற்றையும் எனக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் அழித்துவிடுங்கள்."

இந்த இரண்டு வரிக்குள் இரண்டு சட்டக் கோரிக்கைகள் இருக்கின்றன. தன்னைப் பற்றிய தகவலின் நகலைக் கேட்பது ஒன்று. அது ஜிடிபிஆரின் 15ஆம் பிரிவு. அழிக்கச் சொல்வது இன்னொன்று. அது 17ஆம் பிரிவு. அவர் பிரிவு எண் எதையும் எழுதவில்லை, சட்டத்தின் பெயரையும் சொல்லவில்லை, எங்கள் தளத்தில் இருந்த படிவத்தையும் நிரப்பவில்லை. அது எதுவும் தேவையில்லை. கோரிக்கை இந்த வடிவத்தில்தான் வர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்வதில்லை. வாடிக்கையாளர்கள் வழக்கமாக எழுதும் முகவரிக்கு வந்தாலே போதும், அது வந்து சேர்ந்துவிட்டதாகத்தான் கணக்கு.

திங்கட்கிழமை, பிப்ரவரி 3 அன்று, கஸ்டமர் கேரில் ஒருவர் அந்த மெயிலைத் திறந்தார். நல்ல ஊழியர், பொறுமைசாலி. தலைப்பைப் பார்த்து 'ரீஃபண்ட்' என்று டிக்கெட்டுக்குப் பெயர் வைத்தார். மூன்றாவது பத்தியையும் அவர் படித்தார் என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். படித்துவிட்டு, "கோபமாக இருக்கிறார், அக்கவுண்டை மூடச் சொல்கிறார்" என்று புரிந்துகொண்டு, உதவி செய்வதாக நினைத்து அன்றே அக்கவுண்டை மூடிவிட்டார். பிப்ரவரி 17 அன்று பணம் திரும்பப் போனது. "உங்கள் பிரச்சினை தீர்ந்தது" என்ற ஆயத்தப் பதிலோடு டிக்கெட்டும் மூடப்பட்டது.

20ஆம் தேதி அந்தப் பெண்மணி மறுபடி எழுதினார்: "பணம் வந்தது, நன்றி. நான் கேட்ட மற்றது?" இந்தக் கேள்வி யாருக்கும் புரியவில்லை. ஆளுக்கு ஆள் கை மாறி, 24ஆம் தேதி திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தது.

சரி, கெடு எப்போது? தாமதமில்லாமல், எப்படியும் வந்து சேர்ந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் என்பது விதி. ஒருவர் திறந்து படித்த நாளிலிருந்து அல்ல, எனக்குத் தெரியவந்த நாளிலிருந்தும் அல்ல. ஜனவரி 31இல் வந்த கோரிக்கைக்கு அடுத்த மாதத்தில் அதே தேதி கிடையாது. அப்படியானால் அந்த மாதத்தின் கடைசி நாள்தான் கெடு. 2025இல் அது பிப்ரவரி 28. கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள் வரை கிடைக்கும், ஆனால் அது வெள்ளிக்கிழமை. 28 நாளில் 24 நாள் ஏற்கெனவே கரைந்துவிட்டிருந்தது.

இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாமே என்று உடனே கேட்டார்கள். நீட்டிக்கலாம்தான். கோரிக்கை சிக்கலானதாகவோ ஒருவரிடமிருந்தே பல கோரிக்கைகளாகவோ இருந்து, அவகாசம் தேவைப்பட்டால் மட்டும். அதையும் முதல் மாதத்துக்குள் காரணத்தோடு அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். எங்கள் அலுவலகத்துக்குள் மெயில் சுற்றிக்கொண்டிருந்தது என்பது அந்தக் காரணங்களில் வராது. இடத்துக்கு இடம் கணக்கு மாறும். கலிஃபோர்னியாவில், கோரிக்கை கிடைத்ததை 10 வேலை நாட்களுக்குள் ஒப்புக்கொண்டு, 45 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அங்கேயும் கடிகாரம் கோரிக்கை வந்த நாளிலிருந்துதான் ஓடும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, மெயில் படிப்பவர்களுக்கு நான் இரண்டு கேள்விகளை மட்டும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். எழுதியவர் தன்னைப் பற்றியோ, தான் யாருக்காக எழுதுகிறாரோ அவரைப் பற்றியோ உள்ள தகவலைப் பற்றிப் பேசுகிறாரா? அப்படியானால், அதைப் பார்க்க, எங்கிருந்து வந்தது என்று அறிய, நகல் பெற, அல்லது அழிக்கக் கேட்கிறாரா? இரண்டுக்கும் 'ஆம்' என்று தோன்றினால், சந்தேகமாகவே இருந்தாலும், எங்களுக்கு அனுப்பிவிடுங்கள். கோரிக்கை நியாயமானதா, அழிக்க முடியுமா, ஆள் அவர்தானா என்பதையெல்லாம் முன்வரிசையில் இருப்பவர் தீர்மானிக்க வேண்டாம். அந்தச் சுமையை அவர்மேல் ஏற்றினால், தப்பாகிவிடுமோ என்ற பயத்திலேயே மெயில் அவரிடம் தங்கிவிடும்.

ஆட்கள் எப்படியெல்லாம் கேட்கிறார்கள் என்று பார்த்தால் இந்தக் கேள்விகளின் அவசியம் விளங்கும். "என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" இது சண்டைபோல ஒலிக்கிறது, ஆனால் தகவல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் 15ஆம் பிரிவு தரும் உரிமைக்குள் அடங்கும். "அன்று போனில் பேசியதன் பதிவை அனுப்புங்கள்." "வேலையை விட்டுவிட்டேன், என்னைப் பற்றி மேலாளர் எழுதிய மதிப்பீடுகளின் நகல் வேண்டும்." இந்த மூன்றிலும் 'தரவு' என்ற சொல்லே கிடையாது. அதனால்தான் சொற்களைத் தேடிப் பிடிக்கும் வடிகட்டியை நான் முழுதாக நம்புவதில்லை. சட்டம் தெரிந்தவர் எழுதிய மெயிலை அது பிடித்துவிடும். அப்படிப்பட்ட மெயில் எப்படியும் கண்ணில் பட்டுவிடும். மேலே சொன்ன மூன்றையும் அது விட்டுவிடும்.

ஒரு வாக்கியம் மட்டும் இன்றும் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கும்: "என்னை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்." விளம்பர மெயில் வேண்டாம் என்கிறாரா, எல்லாவற்றையும் அழிக்கச் சொல்கிறாரா? முன்னதென்றால் அவருடைய முகவரியை 'அனுப்பக் கூடாதவர்கள்' பட்டியலில் வைத்துக்கொண்டாக வேண்டும், இல்லாவிட்டால் எங்கிருந்தாவது மறுபடி உள்ளே வந்துவிடும். முழு அழிப்பு என்று நாமாக எடுத்துக்கொண்டு அந்த வரியையும் அழித்தால், சில மாதம் கழித்து அவருக்கு மறுபடி விளம்பரம் போகும். எனவே விளம்பரத்தை அன்றே நிறுத்திவிட்டு, மற்றதையும் அழிக்க வேண்டுமா என்று ஒரு வரி கேட்டு எழுதுவேன்.

அனுப்பும் வழியும் எளிதாக இருக்க வேண்டும். நாங்கள் டிக்கெட்டில் ஒரு கட்டம் வைத்தோம். அதை டிக் செய்தால், மூல டிக்கெட் ரீஃபண்டுக்காகத் திறந்தே இருக்க, எங்கள் பிரிவுக்குத் தனியாக ஒரு டிக்கெட் பிறக்கும். ஒரே டிக்கெட்டில் இரண்டு வேலை இருந்தால், முதல் வேலை முடிந்ததும் இரண்டாவதும் சேர்ந்து மூடப்பட்டுவிடும். எங்களுக்கு நடந்தது அதுதானே. புதிய டிக்கெட்டில் இரண்டு தேதிகள் இருக்கும்: மெயில் வந்து சேர்ந்த தேதி, எங்கள் கைக்கு வந்த தேதி. கெடு முதல் தேதியிலிருந்து தானாகக் கணக்காகும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை மாதாமாதம் பார்ப்பேன். மூன்று வேலை நாளைத் தாண்டினால் எந்த முகவரியில் தேங்குகிறது என்று போய்த் தேடுவேன். பெரும்பாலும் விடுப்பில் போனவரின் பெட்டியாகவோ, யாருக்கும் பொறுப்பில்லாத பொதுப் பெட்டியாகவோ இருக்கும்.

இன்னொரு அறிகுறியும் உண்டு. கோரிக்கைகள் எந்த வழியாக வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். எல்லாமே தளத்துப் படிவம் வழியாக வந்து, கஸ்டமர் கேரிலிருந்து ஒன்றுகூட வரவில்லை என்றால், அங்கே யாரும் கேட்கவில்லை என்று அர்த்தமில்லை. வருவது அடையாளம் தெரியாமல் போகிறது. இதைச் சோதிக்க, மூடப்பட்ட டிக்கெட்டுகளில் வாரத்துக்குக் கொஞ்சம் எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்போம். குறிப்பாகக் கடைசிப் பத்தியை. மனிதர்கள் கோபத்தைக் கொட்டி முடித்த பிறகுதான் இதைக் கேட்கிறார்கள்.

அந்தப் பெண்மணிக்கு வருகிறேன். பிப்ரவரி 28 பிற்பகலில் பதில் அனுப்பினோம். ஏற்கெனவே எங்களோடு எழுதிக்கொண்டிருந்த அதே முகவரியிலிருந்து கேட்டிருந்தார். அவர்தானா என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இல்லாததால் அடையாள அட்டை எதுவும் கேட்கவில்லை. ஆர்டர்கள், முகவரிகள், போன் உரையாடல் பற்றி ஊழியர்கள் எழுதிய குறிப்புகள் எல்லாவற்றின் நகலும் அதோடு போயின. வரிச் சட்டப்படி பில்களை மட்டும் குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வேண்டும் என்பதையும், அதில் உடன்பாடு இல்லையென்றால் மேற்பார்வை அமைப்பிடம் முறையிடலாம் என்பதையும் எழுதினோம். அழிக்க மறுப்பதாக இருந்தாலும் அதையும் காரணத்தோடு அதே ஒரு மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

ஆனால் சாட் உரையாடல் இல்லை. அக்கவுண்டை மூடினால் 7 நாளில் சாட் பதிவுகள் தானாக அழிந்துவிடும்படி எங்கள் மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தது. 3ஆம் தேதி மூடிய அக்கவுண்டின் சாட், நான் அந்த மெயிலைப் பார்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பே போய்விட்டது. அனுப்பிவிட்டு அழியுங்கள் என்று அவர் வரிசையைக்கூடத் தெளிவாக எழுதியிருந்தார். நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்திருந்தோம். நடந்ததை மறைக்காமல் தேதியோடு எழுதி மன்னிப்புக் கேட்டோம். "எனக்குத் தேவைப்பட்டதே அதுதான்" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

இப்போது அந்த மென்பொருளில் 'அக்கவுண்டை மூடு' பொத்தானை அழுத்தினால் ஒரு கேள்வி வரும்: "இவர் தன் தகவலின் நகலைக் கேட்டிருக்கிறாரா?" ஆம் என்று பதில் கொடுத்தால், எங்கள் பிரிவு விடுவிக்கும் வரை எதுவும் அழியாது.