கடைக்காரர் கையெழுத்து போட்ட கேப்ஷன்

நேயர்களுக்கு வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும், மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பதும் என் தொழில். நான் ஆடிட்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆடிட்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் விளம்பரம் செய்வதில் அவர்களுடைய அமைப்புகளே கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. என்னைப் போன்றவர்களுக்கு அது இல்லை. அதனால் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் வைத்து, நடந்த வேலைகளைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறோம்.

இன்றைக்குப் பேசப்போவது ஒரு துணிக்கடையின் கதை, அதைப் பற்றி அந்தப் பக்கத்தில் படத்தோடு போட்ட கேப்ஷனைக் கடைக்காரரின் அனுமதியோடு எப்படி எழுதினோம் என்பது. கடை வட சென்னையில் இருக்கிறது. அதற்கு மேல் கேட்காதீர்கள். இதை ரேடியோவில் சொல்வதற்கும் அவரிடம் தனியாக எழுதி வாங்கியிருக்கிறேன். கேப்ஷனுக்கு என்று கொடுத்த அனுமதி கேப்ஷனோடு முடிந்தது, அதை வைத்துக்கொண்டு வேறு எங்கும் பேசக் கூடாது.

நடந்தது இதுதான். மாதாந்திர ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு, அந்த மாத விற்பனையையும் வரியையும் காட்டும் 3பி படிவத்தின் கடைசி நாள் அடுத்த மாதம் 20-ஆம் தேதி. தாண்டினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். விற்பனையே இல்லாத மாதமென்றால் 20 ரூபாய். வரியைக் கட்டாமல் வைத்திருந்தால் ஆண்டுக்கு 18 சதவிகித வட்டி தனி. இந்தக் கடையில் கொள்முதல் பில்கள் ஒரு துணிப்பையில் மாதக் கடைசி வரை கிடக்கும். பை நம்மிடம் வரும்போது தேதி நெருங்கியிருக்கும், அதிலும் பாதி பில் இருக்காது. சரி, தினமும் கடை அடைக்கும் முன் அன்றைய பில்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். 14-ஆம் தேதி வாக்கில் போர்ட்டலில் 2பி வரும், அதாவது சரக்கு கொடுத்தவர்கள் காட்டிய பில்களின் பட்டியல். அதோடு ஒப்பிட்டு, விடுபட்டதைக் கேட்டு வாங்கினால் 20-க்குள் முடியும். அப்படித்தான் ஆறு மாதம் தொடர்ந்து தாமதமில்லாமல் போனது.

என்னிடம் வேலை பார்க்கும் பெண் இதற்கு ஒரு கேப்ஷன் எழுதினாள். ஆர்வத்தில் "லட்சக்கணக்கில் அபராதம் மிச்சம்" என்று ஆரம்பித்திருந்தாள். "எங்கேம்மா லட்சம், கணக்கு போட்டுக் காட்டு" என்றேன். ஒரு பேச்சுக்கு, ஒரு கடை ஐந்து மாதத்தில் மொத்தம் 40 நாள் தாமதம் என்று வையுங்கள். 50-ஆல் பெருக்கினால் 2,000 ரூபாய். இதுதான் நிஜம். நிஜம் சின்னதாக இருந்தால் சின்னதாகவே எழுத வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளும் உண்மையான, மிகையில்லாத விளம்பரத்தைத்தான் கேட்கின்றன. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பயம், அந்தக் கடைக்காரரே படித்துவிட்டுச் சிரிப்பாரே என்பது.

ரூபாய் கணக்கைச் சரியாக எழுதி அவரிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு அந்த வரியை மட்டும் பேனாவால் அடித்தார். "இன்னாம்மா, ஐம்பதால வகுத்தா எத்தினி நாள் லேட்டுன்னு எவனும் கண்டுபிடிச்சுடுவானே" என்றார். எனக்கு அது தோன்றவில்லை, வியாபாரிக்குத் தோன்றியது. அதனால்தான் அவருடைய ரூபாய் கணக்கை இங்கேயும் சொல்லவில்லை.

அப்புறம் பெயர் விஷயம். பெயரைப் போடாவிட்டால் ஆள் தெரியாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நம் பக்கத்தில் அது நடக்குமா? கற்பனையாக ஒன்று சொல்கிறேன்: "கல்மண்டபம் மார்க்கெட் பக்கத்தில், மூன்று தலைமுறையாக, நைட்டி மொத்த வியாபாரம்." பெயர் இல்லை. ஆனால் ராயபுரத்தில் டீ குடிக்கிற யாரைக் கேட்டாலும் யாரென்று சொல்லிவிடுவார்கள். தெரு, சரக்கு, எத்தனை வருஷக் கடை என்பதில் ஒன்றுதான் இருக்கலாம், மூன்றும் சேர்ந்தால் பெயர் எழுதியது போலத்தான். நாங்கள் சரக்கை மட்டும் வைத்துக்கொண்டோம். "வட சென்னை" என்பது பெரிய ஊர், அது நிற்கலாம்.

இப்போது நான் வழக்கமாகப் புலம்பும் விஷயத்துக்கு வருகிறேன், படம். கேப்ஷனில் அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, மேலே மேசையில் பரப்பிய பில்களின் படத்தைப் போடுவார்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கும். பதினைந்து எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்து அந்த உரிமையாளருடைய பான் எண்ணேதான்! அதோடு போகவில்லை. ஜிஎஸ்டி போர்ட்டலில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் கடைப் பெயரும் முகவரியும் யாருக்கும் வரும். எந்த மாத ரிட்டர்ன் எந்தத் தேதியில் போடப்பட்டது என்ற அட்டவணையும் வரும். அவர் பேனாவால் அடித்த தாமத நாட்களைப் பக்கத்துக் கடைக்காரர் உட்கார்ந்து எண்ணிக்கொள்ளலாம். பில்லில் சரக்கு கொடுத்தவருடைய பெயரும் விலையும் வேறு இருக்கும். அவரிடம் யார் அனுமதி கேட்டார்கள்? லேசாக மங்கலாக்கினால் போதும் என்பார்கள். போதாது, பெரிதாக்கிப் பார்த்தால் பல நேரம் படிக்க முடியும். பில் படமே வேண்டாம். நாங்கள் காலித் துணிப்பையைப் படம் எடுத்தோம், அதிலும் கடைப் பெயர் அச்சிடாத பையாகப் பார்த்து.

கடைசியில் நின்ற கேப்ஷனைப் படிக்கிறேன்: "வட சென்னையில் ஒரு துணிக்கடை. மாத ரிட்டர்ன் அடிக்கடி தாமதமாகும். இப்போது தொடர்ந்து ஆறு மாதம் 20-ஆம் தேதிக்குள். கடையிலிருந்து தினமும் பில் படம் வந்தது, அதனால் முடிந்தது. உரிமையாளரின் எழுத்து அனுமதியோடு." அவ்வளவுதான். பில் படம் வந்ததை ஏன் சொல்கிறோம்? பாதி வேலை கடைப் பையன் செய்தது. அதை மறைத்தால், படிக்கிறவர் பையை நம்மிடம் தூக்கிப் போட்டுவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பார். அந்த வரியைக் கீழே தள்ளவும் கூடாது. இன்ஸ்டாகிராமில் முதல் ஒன்றிரண்டு வரிதான் கண்ணில் படும், மீதியை விரித்தால்தான் தெரியும். அதனால் மொத்தத்தையும் சுருக்கமாக வைத்தோம்.

அனுமதிக் கடிதம் ஒரே பக்கம். கேப்ஷன் முழுவதும் வார்த்தைக்கு வார்த்தை அதிலேயே எழுதி, படத்தையும் அச்சிட்டு ஒட்டினோம். எந்தெந்த இடத்தில் வரும், எத்தனை நாளைக்கு, வேண்டாம் என்றால் எத்தனை நாளில் எடுப்போம், எல்லாம் அதில் உண்டு. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டினாரே என்றால், எந்த வாசகத்துக்குக் காட்டினார் என்று பிறகு யார் சொல்வது? கையெழுத்தும் உரிமையாளருடையதாக இருக்க வேண்டும். கல்லாவில் மகன் உட்கார்ந்திருக்கிறார் என்று அவரிடம் வாங்கி வரக் கூடாது. ஒரு வார்த்தை மாற்றினாலும் மறுபடி காட்ட வேண்டும். எங்கள் கேப்ஷனில் "அடிக்கடி" என்பதை "எப்போதும்" என்று ஒரு ஆசையில் மாற்றியிருந்தால் கூட அவர் கையெழுத்து அதற்குச் செல்லாது.

அனுமதி கொடுத்ததற்காகக் கட்டணத்தில் தள்ளுபடி தரலாமா என்று விரிவாகச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: நான் தருவதில்லை. தந்தால் அதையும் கேப்ஷனில் சொல்ல வேண்டும். அப்புறம் அனுமதிக் காலமான ஒரு வருஷம் முடிந்ததும் நாம்தான் தேதி பார்த்து மறுபடி போய்க் கேட்க வேண்டும், அவர் நினைவுபடுத்துவார் என்று இருக்கக் கூடாது. நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.