ஒரு டம்ளர் ஓஆர்எஸ், ஒரு குடல் செல், மூன்று கடத்தல் முறைகள்

வணக்கம் நண்பர்களே. இதோ கையில் இருக்கிறதே, இது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஓஆர்எஸ் பாக்கெட். வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள், எல்லாருக்கும் தெரியும். எளிய பரவல், எளிதாக்கப்பட்ட பரவல், செயல்மிகு கடத்தல் என்று தனித்தனியாகப் படித்துக் குழம்பியவர்களுக்கு இந்த ஒரு பாக்கெட்டே போதும், ஏனென்றால் இது போய்ச் சேரும் சிறுகுடல் செல்லில் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

செல்லைச் சுற்றி இருப்பது கொழுப்பாலான ஒரு மெல்லிய சவ்வு. அதைத் தாண்ட மூன்று வழி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரிலேயே கசிந்து வருவது எளிய பரவல், குழாய் வழியாகக் கீழே இறங்குவது எளிதாக்கப்பட்ட பரவல், மோட்டார் போட்டு மேலே ஏற்றுவது செயல்மிகு கடத்தல். முதல் இரண்டுக்கும் கரண்ட் செலவு கிடையாது. புரதம் வந்துவிட்டாலே ஆற்றலும் செலவாகும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள், அங்கேதான் மார்க் போகிறது. குழாய் என்பது வழி மட்டும்தான், மோட்டார் இல்லை.

இப்போது செல்லுக்கு வருவோம். பக்கத்து ரத்தக் குழாயில் ஆக்சிஜன் அதிகம், செல்லுக்குள் குறைவு, ஏனென்றால் உள்ளே அது செலவாகிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் சின்ன மூலக்கூறு, மின்சுமை இல்லாதது, கொழுப்பைத் தாராளமாகத் தாண்டும். யார் உதவியும் இல்லாமல் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் போய்விடுகிறது. எளிய பரவல் அவ்வளவுதான்.

அந்த ஆக்சிஜனை வைத்துத்தான் செல் தன் வேலைகளுக்கான கரண்டை, அதாவது ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கிறது. ஏடிபியில் பெரும் பங்கைத் தின்பது ரத்தத்தின் பக்கம் இருக்கும் சோடியம் பொட்டாசியம் பம்ப். ஒரு ஏடிபிக்கு 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். வெளியே சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்கும், உள்ளே அதில் பத்தில் ஒரு பங்குதான். குறைவான இடத்திலிருந்து அதிகமான இடத்துக்குத் தள்ளுவதால் இது செயல்மிகு கடத்தல்.

சரி, ஓஆர்எஸ்ஸில் உப்போடு இருக்கும் சர்க்கரையான குளுக்கோஸ் எங்கே? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். குடல் பக்கச் சவ்வில் எஸ்ஜிஎல்டி1 என்று ஒரு புரதம் இருக்கிறது. 2 சோடியமும் 1 குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது உள்ளே விடும். பம்ப் உள்ளே சோடியத்தைக் குறைத்து வைத்திருப்பதால் சோடியம் உள்ளே வரத் துடிக்கிறது, அந்த வேகத்திலேயே குளுக்கோஸையும் இழுத்துக்கொண்டு வருகிறது, உள்ளே ஏற்கெனவே குளுக்கோஸ் அதிகமாக இருந்தாலும்கூட. எஸ்ஜிஎல்டி1 தானாக ஏடிபி எதையும் உடைப்பதில்லை, செலவை முன்பே பம்ப் செய்துவிட்டது. அதனால் இதற்கு இரண்டாம் நிலை செயல்மிகு கடத்தல் என்று பெயர்.

இப்படிச் செல்லுக்குள் குளுக்கோஸ் சேர்ந்துவிட்டது, ரத்தத்தில் அதைவிடக் குறைவு. இனி இறக்கம்தான். ஆனால் குளுக்கோஸ் பெரியது, தண்ணீரை விரும்புவது, கொழுப்புச் சவ்வைத் தானாகத் தாண்டாது. ஜிஎல்யூடி2 என்ற புரதம் வழி விடுகிறது, குளுக்கோஸ் ரத்தத்துக்கு இறங்குகிறது. எளிதாக்கப்பட்ட பரவல். சோடியமும் குளுக்கோஸும் இப்படி உள்ளே போகப்போக, தண்ணீரும் பின்னாலேயே போகிறது. உடம்பில் நீர் ஏறுவது இதனால்தான்.

ஒன்றிலிருந்து ஒன்றை எப்படிப் பிரித்தறிவது? பரிசோதனையில் ஏடிபி தயாரிப்பை நிறுத்தினால் பம்ப் நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் எஸ்ஜிஎல்டி1-உம் படுத்துவிடும், ஆனால் ஜிஎல்யூடி2 வழியாக இறக்கம் இருக்கும்வரை குளுக்கோஸ் இறங்கும். மற்ற இரண்டையும் பிரிக்க, வெளியே செறிவைக் கூட்டிக்கொண்டே போங்கள். எளிய பரவலில் வேகமும் கூடிக்கொண்டே போகும். எளிதாக்கப்பட்ட பரவலில் ஒரு கட்டத்தில் எல்லாப் புரதங்களும் வேலையில் இருக்கும், அதற்குமேல் வேகம் ஏறாது.

காலரா வந்தால் குடல் செல்லிலிருந்து குளோரைடும் தண்ணீரும் கொட்டோ கொட்டென்று வெளியேறும், ஆனால் எஸ்ஜிஎல்டி1 பழுதாவதில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவி, ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியது இந்தக் கதவை நம்பித்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2002-இல் மாற்றியமைத்த ஓஆர்எஸ்ஸில் லிட்டருக்கு சோடியமும் 75 மில்லிமோல், குளுக்கோஸும் 75 மில்லிமோல். அதனால்தான் பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும், ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுசாக ஒரு லிட்டர். குழந்தைக்குப் பிடிக்கட்டும் என்று ஒரு டம்ளரில் கொட்டியோ, கூடுதலாகச் சர்க்கரை போட்டோ கொடுத்தால், உள்ளே இழுக்க முடியாத அளவுக்குக் குடலில் கரைசல் கெட்டியாகிவிடும், தண்ணீர் உடம்பிலிருந்து குடலுக்குத் திரும்பி வரும், போக்கு இன்னும் அதிகமாகும்.