பதின்வயது விளையாட்டு வீரர்களும் கிரியேட்டினும்: அறிக்கையில் கிரியேட்டினின் கூடியிருந்தால் என்ன பொருள்?

[திரையில்: ஆய்வக அறிக்கை ஒன்று. ‘கிரியேட்டினின் 1.2’ என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் தெரிகிறது.]

வணக்கம். 16 வயதுள்ள குறுந்தூர ஓட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆறு வாரங்களாக நாள்தோறும் 5 கிராம் கிரியேட்டின் பொடியைத் தண்ணீரில் கலந்து குடித்து வருகிறார். பொதுவான உடல் பரிசோதனைக்காக இரத்தம் கொடுத்தபோது, கிரியேட்டினின் என்ற வேறொரு பொருளின், அதாவது கிரியேட்டினிலிருந்து உண்டாகும் கழிவின், அளவு ஒரு டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் என்று வந்தது. அந்த ஆய்வகம் குறித்திருந்த மேல் எல்லையோ 1.0 மட்டுமே. சிறுநீரகம் பழுதாகிவிட்டதோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது. ஆனால் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வந்துவிட முடியாது.

கிரியேட்டின் ஸ்டீராய்டு அன்று. நம் கல்லீரலும் சிறுநீரகங்களும் அதை நாள்தோறும் ஏறத்தாழ ஒரு கிராம் அளவுக்குத் தாமே உருவாக்குகின்றன. இறைச்சியிலும் மீனிலும் இருந்தும் அது கிடைக்கிறது. உடலில் உள்ள கிரியேட்டினில் சுமார் 95 விழுக்காடு தசைகளில் இருக்கிறது. முழு வேகத்தில் ஓடும் முதல் சில நொடிகளில் தசை செலவழிக்கும் ஆற்றலை உடனுக்குடன் ஈடுசெய்வதே அதன் வேலை. ஆகவே குறுந்தூர ஓட்டம், பளுதூக்குதல் போன்றவற்றில் அதனால் சிறிது பயன் உண்டு. நெடுந்தூர ஓட்டத்தில் பெரிதாக எதுவும் இல்லை.

[திரையில்: தசையிலிருந்து இரத்தத்துக்கும், அங்கிருந்து சிறுநீரகத்துக்கும் செல்லும் அம்புக்குறி.]

தசையில் சேர்ந்திருக்கும் கிரியேட்டினில் ஒரு சிறு பகுதி, அதாவது நாளொன்றுக்கு 2 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவான அளவு, தானாகவே கிரியேட்டினின் என்ற கழிவாக மாறி, இரத்தத்தின் வழியே சிறுநீரகத்தை அடைந்து வெளியேறுகிறது. சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது இக்கழிவு இரத்தத்தில் தேங்கும் என்பதால்தான் மருத்துவர்கள் அதை அளக்கிறார்கள். ஆனால் பொடியாக உட்கொள்ளும்போது தசையின் இருப்பு கூடுகிறது. இருப்பு கூடினால் கழிவும் கூடுகிறது. வடிகட்டி நன்றாக இருந்தும் எண் உயர்வதற்கு இதுவே காரணம். முந்தைய நாள் செய்த கடும் பயிற்சியும், பரிசோதனைக்கு முன் உண்ட இறைச்சியும்கூட அதை உயர்த்தக்கூடும்.

அப்படியானால் உண்மையான பழுதை எப்படிக் கண்டறிவது? தசையின் அளவைச் சார்ந்திராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையைச் செய்யுமாறு மருத்துவரிடம் கேட்கலாம். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இவ்விரண்டும் இயல்பாக இருந்தால், உயர்ந்த கிரியேட்டினினுக்குப் பொடியே காரணமாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். நாம் எடுத்துக்கொண்ட ஓட்டக்காரருக்கு இரண்டும் இயல்பாகவே வந்தன என்று கொள்வோம். பொடியை நிறுத்தி, தசையின் இருப்பு பழைய நிலைக்குத் திரும்பத் தேவையான நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்து மீண்டும் அளந்தால், எண் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் அப்போது காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

இனி, பெற்றோர் கேட்கும் அடிப்படைக் கேள்வி: 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது பாதுகாப்பானதா? பெரியவர்களைப் பற்றிய ஆய்வுகள் நிறைய உள்ளன. உடல்நலமுள்ளோரின் சிறுநீரகத்தை அது கெடுத்ததாக அவை காட்டவில்லை. வளரும் வயதினரைப் பற்றிய நீண்டகால ஆய்வுகளோ மிகக் குறைவு. இதனால்தான் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் பதின்வயதினர் இதைப் பயன்படுத்துவதை ஊக்குவிப்பதில்லை. சர்வதேச விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கமோ, 2017-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், தீவிரமாகப் போட்டிகளில் ஈடுபட்டு, நல்ல உணவு உண்டு, பரிந்துரைத்த அளவை மீறாத இளையோர் இதைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம் என்கிறது. என்னைக் கேட்டால், உறக்கமும் உணவும் பயிற்சி முறையும் சீராகாத ஒருவருக்குப் பொடி வாங்கித் தருவதில் பொருளில்லை என்பேன். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், ஒரே சிறுநீரகத்துடன் வாழ்பவர்களுக்கும், வலிநிவாரணி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குபவர்களுக்கும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் கொடுக்கவே கூடாது.

மருத்துவர் ஒப்புக்கொண்டால், நாளொன்றுக்கு 3 கிராம் போதும். முதல் வாரத்தில் நாள்தோறும் 20 கிராம் என்று சிலர் சொல்வதைப் பின்பற்றத் தேவையில்லை. சிறிய அளவிலேயே ஏறத்தாழ நான்கு வாரங்களில் தசை நிறைந்துவிடும். ஒரே வேளையில் அதிகம் குடிப்பது வயிற்றுப்போக்கையே தரும். தசைக்குள் நீர் சேர்வதால் எடை ஓரிரு கிலோ கூடலாம் என்பதை, எடைப் பிரிவில் போட்டியிடும் குத்துச்சண்டை, மல்யுத்த வீரர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

[திரையில்: டப்பாவின் பின்புறம். உட்பொருள் பட்டியலில் ஒரே ஒரு பெயர்.]

உண்மையில் எனக்குக் கவலை தருவது கிரியேட்டினைவிட, அதனுடன் கலந்து விற்கப்படும் பிற பொருள்கள்தாம். கிரியேட்டின் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் கலப்படப் பொடியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால், அறியாமல் உட்கொண்ட வீரரும் அதற்குப் பொறுப்பேற்க நேரிடும். எனவே கிரியேட்டின் மோனோஹைட்ரேட் மட்டுமே கொண்ட, தயாரிப்பாளரைச் சாராத அமைப்பொன்று சோதித்துச் சான்றளித்த பொடியையே தேர்ந்தெடுங்கள். பயிற்சிக்கு முன் குடிக்கும் கலவைகளில் காஃபீன் மிகுந்திருப்பதால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

கால் வீக்கமோ, நுரைத்த சிறுநீரோ, சிறுநீர் குறைவதோ தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். எந்தப் பரிசோதனைக்குச் சென்றாலும் டப்பாவைக் கையோடு எடுத்துச் சென்று, எத்தனை நாள்களாக எவ்வளவு உட்கொண்டார் என்பதை இரத்தம் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.