15 கிலோவாட் ஸ்பிண்டிலுக்கு எத்தனை கிலோவாட் சில்லர்?

[திரையில்: சில்லர் டிஸ்ப்ளே 28.0 டிகிரி. பக்கத்துலயே சுடும் ஸ்பிண்டில்]

சில்லர் 28 டிகிரின்னு காட்டுது, அலாரம் எதுவும் இல்ல. ஆனா ஸ்பிண்டில் சுடுது, போர் அளவு மதியத்துக்குள்ள மாறிப்போகுது. சில்லர் பொய் சொல்லுதா? இல்ல, அது உண்மையைத்தான் சொல்லுது. எப்படின்னு கடைசில பாருங்க.

நாம பேசப்போறது டூல் மேல பீச்சுற கட்டிங் கூலன்ட் பத்தி இல்ல. மோட்டாரும் பேரிங்கும் உள்ளேயே இருக்கிற ஸ்பிண்டிலோட ஜாக்கெட்டுக்குள்ள தனியா சுத்தி வர்ற திரவம் பத்தி.

15 கிலோவாட் ஸ்பிண்டில், 12,000 ஆர்பிஎம். இதுக்கு 15 கிலோவாட் சில்லர் வாங்கணுமா? வேண்டாம். மோட்டார் கொடுக்கிற 15 கிலோவாட் டூல் முனைக்குப் போகுது. அங்க பிறக்கிற சூட்டுல பெரும்பகுதியைச் சிப்ஸ் தூக்கிட்டுப் போயிடும். ஜாக்கெட்டுக்கு வர்றது மோட்டார் வீணாக்குறதும் பேரிங் உரசுறதும் மட்டும்தான்.

மோட்டார் எஃபிஷியன்சி 88 சதவீதம்னு வெச்சுக்கலாம். 15-ஐ 0.88-ஆல வகுத்தா 17 கிலோவாட் உள்ள போகுது. அப்போ 2 கிலோவாட் சூடு. பேரிங் எல்லாம் சேர்ந்து 0.4 நியூட்டன் மீட்டர் உராய்வு டார்க்னு எடுத்தா, 12,000 ஆர்பிஎம்ல அது அரை கிலோவாட்.

```
P = 2π × N/60 × T
  = 2π × 200 × 0.4 ≈ 500 W
```

மொத்தம் 2.5 கிலோவாட். இதுல மோட்டார் பங்கு கட்டிங் லோடோட ஏறி இறங்கும். பேரிங் பங்கு அப்படி இல்ல. ஒரு சிப் கூட வெட்டாம வேகமா சும்மா சுத்தினாலும் அந்த அரை கிலோவாட் வந்துக்கிட்டே இருக்கும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்: ஃப்ளோ. உள்ள போற திரவத்துக்கும் வெளிய வர்றதுக்கும் 3 டிகிரிக்கு மேல வித்தியாசம் வேண்டாம்னு வைப்போம். ஏன் இவ்வளவு கறார்? 300 மில்லிமீட்டர் ஸ்டீல் ஒரு டிகிரிக்கே சுமார் 3.5 மைக்ரான் நீளும். 3 டிகிரிக்கு 10 மைக்ரான்!

ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேணும்.

```
ஃப்ளோ = 2.5 × 60 / (4.18 × 3) ≈ 12 L/min
```

அதே ஸ்பிண்டிலுக்கு ஆயில் சில்லர்னா? மெல்லிய ஸ்பிண்டில் ஆயில் லிட்டருக்கு சுமார் 1.66 கிலோஜூல்தான் தாங்கும். அப்போ 30 லிட்டர் வேணும். அதே சூடு, ரெண்டரை மடங்கு ஃப்ளோ! தண்ணிக்குப் போட்ட ஹோஸையும் பம்பையும் அப்படியே வெச்சுக்கிட்டு ஆயிலை ஊத்தினா எப்படித் தாங்கும்? ஆயில் கெட்டியா வேற இருக்கும், பிரஷர் லாஸும் கூடும். பம்ப் தகட்டுல இருக்கிற அதிகபட்ச ஃப்ளோவை நம்பிடாதீங்க. அது எதிர்ப்பே இல்லாதப்போ வர்ற அளவு. ஸ்பிண்டில், ஹோஸ் ரெண்டோட பிரஷர் லாஸையும் கூட்டி, அந்த பிரஷர்ல பம்ப் கர்வ் எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க.

சில்லர் அளவுக்கு வருவோம். பம்ப் எடுக்கிற பவர்ல பெரும்பகுதி திரவத்துக்குள்ளயே சூடா இறங்கும். அதுக்கு அரை கிலோவாட் சேர்த்தா 3. மேல 20 சதவீதம் வெச்சா 3.6. ஆக 4 கிலோவாட் சில்லர் போதும். ஆனா அந்த 4, உங்க ஷாப்போட மே மாச வெப்பத்துல கிடைக்கணும். கேட்லாக் எந்த அறை வெப்பத்துக்கு எழுதியிருக்குன்னு பாருங்க. அறை சூடு ஏற ஏற கெப்பாசிட்டி குறையும்.

“பெருசா வாங்கிட்டா பிரச்சினையே இல்லையே”ன்னு தோணும். ஆன்-ஆஃப் கம்ப்ரசர் இருக்கிற 15 கிலோவாட் சில்லர் இந்த லோடுக்கு நிமிஷத்துல குளிரவெச்சு நின்னுடும், திரும்ப ஓடும். வெப்பநிலை அலை அலையா வரும், அது ஃபினிஷ்ல வரி வரியா பதியும். என் ஓட்டு, சரியான அளவுல இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்குத்தான்.

செட்டிங் 20 டிகிரின்னு வைக்காதீங்க. சென்னைல 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம்னா 27 டிகிரிக்குக் கீழ எதுவும் வியர்க்கும். ஸ்பிண்டிலுக்குள்ள ஈரம், பேரிங்ல துரு. மெஷின் பெட் வெப்பநிலையை ஒட்டியே போற மோட் இருந்தா அதைப் போடுங்க.

[திரையில்: மறுபடி 28.0 டிகிரி டிஸ்ப்ளே]

இந்த சில்லர் காட்டுறது தான் அனுப்புற திரவத்தோட சூட்டை. ஃபில்டர் அடைச்சு ஃப்ளோ 6 லிட்டரா குறைஞ்சா, ஸ்பிண்டில்ல இருந்து 34 டிகிரியில திரும்பும். டிஸ்ப்ளே 28-லயே நிக்கும்!

கண்டுபிடிக்க ஒரு 10 லிட்டர் பக்கெட் போதும். ஸ்பிண்டிலை நிறுத்திட்டு, ரிட்டர்ன் ஹோஸைக் கழட்டி பக்கெட்ல விடுங்க, டேங்க் லெவல் மேல ஒரு கண் வெச்சுக்கோங்க. தண்ணி சில்லர்னா, 50 செகண்ட்ல நிறைஞ்சா நிமிஷத்துக்கு 12 லிட்டர், சரி. 100 செகண்ட் ஆனா பாதிதான் ஓடுது. ஃபில்டர், மடங்கின ஹோஸ், குயிக் கப்ளிங்னு வரிசையா பாருங்க. உங்க மெஷின்ல எத்தனை செகண்ட் ஆச்சு, தண்ணியா ஆயிலான்னு கமெண்ட்ல போடுங்க.