நியூஸ்லெட்டருக்கு ஆள் சேர்க்கும் கேப்ஷன்: மாதிரித் தலைப்பிலிருந்து எழுதத் தொடங்குங்கள்

[திரையில்: மாடித்தோட்டப் படம் ஒன்று. கீழே ஒரு இன்ஸ்டாகிராம் கேப்ஷன்.]

குரல்: வணக்கம். திரையில் இருக்கும் கேப்ஷனை ஒருமுறை படித்துவிடுங்கள்.

[திரையில்: "மாடித்தோட்ட ஆர்வலர்களே! பயனுள்ள தகவல்கள், அருமையான குறிப்புகள், இன்னும் பல உங்கள் இன்பாக்ஸில். இன்றே இணையுங்கள்!"]

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் படித்து முடித்தவருக்கு மூன்று விஷயங்கள் தெரியவில்லை. சேர்ந்தால் என்ன கிடைக்கும், எப்போது வரும், வருவது எப்படி இருக்கும். மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பது லைக் போடுவது போல அல்ல. வேண்டாத மடல்கள் வந்து குவியும் பெட்டிக்குள் இன்னொருவரை அனுமதிப்பது அது. அதனால் அந்த மூன்றும் தெரியாதவர்கள் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள்.

இந்த வீடியோவில் இதே மாடித்தோட்ட நியூஸ்லெட்டருக்குப் புதிதாக ஒரு கேப்ஷன் எழுதப் போகிறோம். மாடியில் பத்து, இருபது தொட்டி வைத்திருப்பவர்களுக்காக ஒருவர் தமிழில் நடத்தும் இலவச மடல் என்று வைத்துக்கொள்வோம்.

[திரையில்: வெற்றுத் தாள். "மாதிரித் தலைப்பு" என்ற சொல் மட்டும்.]

குரல்: பெரும்பாலும் எல்லோரும் "என் நியூஸ்லெட்டர் எதைப் பற்றியது" என்ற வரியில் தொடங்குவார்கள். நான் மாதிரித் தலைப்பில் தொடங்கச் சொல்வேன். ஏனென்றால் "மாடித்தோட்டக் குறிப்புகள்" என்று யாரும் எழுதிவிடலாம். ஒரே ஒரு மடலின் தலைப்பை எழுது என்றால்தான், நம்மிடம் உண்மையிலேயே என்ன சரக்கு இருக்கிறது என்பது நமக்கே தெரியும்.

நம் ஆள் முதலில் எழுதிய தலைப்பு இது.

[திரையில்: "பூச்சித் தொல்லைக்கு இயற்கைத் தீர்வுகள்"]

எந்தச் செடி? எந்தப் பூச்சி? படிப்பவரின் மாடியில் இருப்பது செம்பருத்தி. அதன் நுனிக் கிளைகளில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாகப் படர்ந்திருப்பது மாவுப்பூச்சி. அவர் அதை நேற்றுத்தான் பார்த்தார். "பூச்சித் தொல்லை" என்ற சொல்லில் அவர் தன் செடியைப் பார்க்கமாட்டார். "செம்பருத்தி, மாவுப்பூச்சி" என்றால் நின்று படிப்பார்.

இன்னொன்றும் வேண்டும். அவருக்கு இதுவரை தெரியாத ஒரு செய்தி தலைப்பிலேயே எட்டிப்பார்க்க வேண்டும். மாவுப்பூச்சி இனிப்பான ஒரு திரவத்தைச் சுரக்கிறது. அதற்காகவே எறும்புகள் செடியில் ஏறுகின்றன. இலவசமாகக் கிடைக்கும் அந்த உணவை இழக்க மனமில்லாமல், மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டு போன்ற பூச்சிகளை விரட்டுகின்றன. எறும்பு நடமாடும்வரை நீங்கள் எதைத் தெளித்தாலும் மாவுப்பூச்சிக்குக் காவல் இருந்துகொண்டே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டவர் செய்யும் முதல் வேலையே மாறிவிடும்.

[திரையில்: "செம்பருத்தியில் மாவுப்பூச்சியா? எறும்பை முதலில் நிறுத்துங்கள்."]

குரல்: இதுதான் நம் மாதிரித் தலைப்பு. கேப்ஷனின் முதல் வரியும் இதுவே. இன்ஸ்டாகிராம் ஃபீடில் கேப்ஷனின் தொடக்கம் மட்டும்தான் தெரியும். மீதியைப் பார்க்க "more" என்பதைத் தொட வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, போன் திரையில் ஒரு வரிக்கு மூன்று, நான்கு சொற்கள்தான் அடங்கும். அந்த இடத்தை "வணக்கம் நண்பர்களே" என்று செலவழித்தால் செம்பருத்தி மறைந்துபோகும்.

இந்தத் தலைப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் கவனிக்காத ஒன்று. "இந்த வாரம் வரப்போகும் மடலில்" என்று எழுதிவிட்டால், பதிவு அடுத்த வாரமே பழசாகிவிடும். மூன்று மாதம் கழித்து யாரோ தேடி வந்து அதைப் படிப்பார், சேர்வார், எறும்பு மடலுக்காகக் காத்திருப்பார். அது எப்போதோ போய்விட்டது. அதனால் மாதிரியாகக் காட்டும் மடல் ஏற்கெனவே எழுதி முடித்ததாக இருக்கட்டும். சேர்ந்தவுடன் தானாகப் போகும் வரவேற்பு மடலில் அதை முழுமையாக வைத்துவிடுங்கள். நியூஸ்லெட்டர் சேவைகள் பலவற்றில் இதற்கு வசதி உண்டு. கேப்ஷனில் "சேர்ந்தவுடன் இந்த மடல் உங்களுக்கு வரும்" என்று துணிந்து எழுதலாம். எத்தனை மாதம் கழித்துப் படித்தாலும் அந்த வரி உண்மையாகவே இருக்கும்.

[திரையில்: "என்ன கிடைக்கும்?"]

குரல்: அடுத்து, பயன். மாதிரித் தலைப்பு கையில் இருப்பதால் இது இப்போது எளிது. எறும்பு மடலுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பிரச்சினை. அது ஏன் வருகிறது என்ற காரணம். பிறகு செய்ய வேண்டியது: செடி ஸ்டாண்டின் கால்களில் வாசலின் பூசி எறும்பின் வழியை அடைப்பது, அதிகமாகப் பாதித்த நுனிகளை வெட்டி எடுப்பது, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பது. எல்லாம் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் வேலை.

மற்ற மடல்களும் இதே அமைப்பில்தான் இருக்குமா என்று எழுதுபவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆம் என்றால் பயனைச் சொல்லும் வரி தானாக வந்துவிடுகிறது.

[திரையில்: "ஒரு மடலில் ஒரு பிரச்சினை. அதன் காரணம், அந்த வார இறுதியிலேயே செய்து முடிக்கக்கூடிய தீர்வு."]

"பயனுள்ள தகவல்கள்" என்பதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த வரி பொய்யானால் வாசகர் உடனே கண்டுபிடித்துவிடலாம். ஒரு மடலில் ஐந்து பிரச்சினை வந்தாலோ, தீர்வே இல்லாமல் போனாலோ அவருக்குத் தெரியும். அப்படிச் சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்குறுதியைத்தான் மனிதர்கள் நம்புகிறார்கள். அதே காரணத்தால், "உங்கள் தோட்டம் பூத்துக் குலுங்கும்" என்று எழுத வேண்டாம். வெயிலும் மண்ணும் அவர் மாடியில் எப்படி இருக்கின்றன என்று நமக்குத் தெரியாது. நம் கையில் இருப்பது மடலின் உள்ளடக்கம் மட்டும்தான்.

[திரையில்: ஒரு மாதத்தின் காலண்டர்.]

குரல்: இப்போது, எப்போது வரும் என்பது. "அவ்வப்போது" என்றால் வாசகருக்கு அது தினமும் என்றும் படலாம், வருடத்துக்கு இரண்டு முறை என்றும் படலாம். "இரண்டு வாரத்துக்கு ஒருமுறை" என்பது பரவாயில்லை, ஆனால் எந்த வாரம் என்று புதிதாகச் சேர்ந்தவருக்குத் தெரியாது. "மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமை, காலை 7 மணி" என்றால் காலண்டரில் விரல் வைத்துக் காட்டலாம். ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் மூன்று வார இடைவெளி விழும். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது, சொன்ன கிழமையில்தான் மடல் வருகிறது. மடல் சொல்லும் வேலை வார இறுதியில் செய்வது என்பதால் சனிக்கிழமை காலை இங்கே பொருந்துகிறது.

எத்தனை முறை என்பதை ஆசையை வைத்து முடிவுசெய்யாதீர்கள். உற்சாகமாக இருக்கும் மாதத்தில் வாரம் ஒன்று எழுதலாம். வீட்டில் கல்யாணம், காய்ச்சல், அலுவலக நெருக்கடி எல்லாம் சேர்ந்து வரும் மாதத்தில் எத்தனை எழுத முடியும்? அந்த எண்ணிக்கையைத்தான் கேப்ஷனில் போட வேண்டும்.

சொன்னதைவிட அதிகமாக அனுப்பினால் என்ன நடக்கும்? மாதம் இரண்டு என்று சேர்ந்தவருக்கு வாரம் மூன்று வந்தால், விலகும் லிங்க்கைத் தேடக்கூடப் பொறுமை இல்லாமல் ஸ்பாம் என்று அழுத்திவிடுவார். ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் கடுமையாக்கிய விதிகளின்படி, ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரம் பேருக்கு மூன்று பேர் என்ற கணக்கு அது. அந்த அளவை எட்டினால், ஆசையாகக் காத்திருக்கும் மற்றவர்களுக்கும் மடல் இன்பாக்ஸில் விழாமல் ஸ்பாம் பெட்டிக்குப் போகத் தொடங்கலாம். கேப்ஷனில் எழுதும் ஒரு வரி மடல் போய்ச் சேருவதையே தீர்மானிப்பது இப்படித்தான்.

[திரையில்: முழுக் கேப்ஷன், வரி வரியாகத் தோன்றுகிறது.]

"செம்பருத்தியில் மாவுப்பூச்சியா? எறும்பை முதலில் நிறுத்துங்கள்.

மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. அந்தக் காவலை எடுப்பது எப்படி, வேப்பெண்ணெயை எந்த அளவில் கலப்பது, எப்போது தெளிப்பது? சேர்ந்தவுடன் இந்த மடல் உங்களுக்கு வரும்.

மாடியில் பத்து, இருபது தொட்டி வைத்திருப்பவர்களுக்கான இலவச நியூஸ்லெட்டர் இது. ஒரு மடலில் ஒரு பிரச்சினை. அதன் காரணம், அந்த வார இறுதியிலேயே செய்து முடிக்கக்கூடிய தீர்வு.

மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமை, காலை 7 மணிக்கு. வேண்டாம் என்றால் ஒரே சொடுக்கில் விலகலாம்.

சேர: ப்ரொஃபைலில் உள்ள முதல் லிங்க்."

குரல்: கடைசி வரியில் லிங்க்கை ஒட்டாமல் ப்ரொஃபைலைச் சொன்னதற்குக் காரணம், இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் ஒட்டும் முகவரியைத் தொட்டால் திறக்காது. இரண்டாம் பத்தியையும் கவனியுங்கள். எறும்பு ஏன் வருகிறது என்பதை முழுதாகச் சொல்லிவிட்டோம், அளவையும் நேரத்தையும் மடலுக்கு விட்டிருக்கிறோம். காரணத்தையும் மறைத்திருந்தால் ஏமாற்று வேலை போலத் தெரியும்.

[திரையில்: கீழே உள்ள வரி.]

```
?utm_source=instagram&utm_medium=bio&utm_campaign=erumbu
```

குரல்: கேப்ஷன் வேலை செய்கிறதா என்று பார்க்க, ப்ரொஃபைல் லிங்க்கின் கடைசியில் இதைச் சேர்த்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் இருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று அனலிட்டிக்ஸில் தனியாகத் தெரியும். பதிவை நிறையப் பேர் சேமித்தும் லிங்க்குக்கு யாரும் வரவில்லை என்றால், கேப்ஷனே முழு விடையையும் கொடுத்துவிட்டது. லிங்க்குக்கு வந்தும் சேரவில்லை என்றால், சேரும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கேப்ஷன் எறும்பைப் பேசியிருக்கும், அந்தப் பக்கம் "பசுமையான வாழ்வுக்கு வரவேற்கிறோம்" என்று வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும். சேர்ந்தவர்கள் இரண்டாம், மூன்றாம் மடலில் விலகினால், மாதிரி ஒன்றாகவும் மடல் வேறாகவும் இருக்கிறது.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம். 2021 முதல் ஆப்பிள் மெயிலில், தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு மடலில் உள்ள படங்கள் முன்கூட்டியே இறக்கப்படுகின்றன. அதனால் திறக்காத மடலும் திறந்ததாகக் கணக்கில் ஏறும். மடலுக்கு வரும் பதில்களும் உள்ளே இருக்கும் லிங்க்குகளைத் தொடுபவர்களின் எண்ணிக்கையும் அதைவிட நம்பகமானவை.

[திரையில்: கேப்ஷனின் முதல் இரண்டு பத்திகள் மட்டும் வேறு நிறத்தில்.]

குரல்: இந்தக் கேப்ஷனைப் பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்கும்போது இந்த இரண்டு பத்திகளை மட்டும் மாற்றுங்கள். கோடையில் தக்காளிப் பூ வெயில் தாங்காமல் உதிர்வது, ஆடிப்பட்டத்தில் வெண்டை விதை ஊன்றுவது, மார்கழிப் பனியில் பூசணி இலையில் வரும் சாம்பல் நோய் என்று அந்தந்த நேரத்தில் மாடியில் நடப்பதை வையுங்கள். வரவேற்பு மடலையும் அன்றே மாற்றிவிடுங்கள். பயனும் நாளும் சொல்லும் வரிகள் அப்படியே இருக்கட்டும். மாதம் இரண்டு என்பதை ஒன்றாகக் குறைக்க வேண்டி வந்தால், ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு முதலில் ஒரு மடலில் தெரிவித்துவிட்டு, அதன் பிறகு கேப்ஷனைத் திருத்துங்கள்.