கண் நோட்டை ஷீட்டில் ஏற்றும்போது காலிக் கட்டத்தை என்ன செய்வது?

கேள்வி: சார், நான் ஒரு கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்ட். பழைய ஓபி நோட்டுகளை எக்செலில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர்கள் எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் பார்வை, பிரஷர், ஃபண்டஸ் மூன்றையும் எப்படிப் பிரிப்பது? எதுவும் எழுதாத இடத்தில் என்ன போடுவது?

பதில்: பிரிக்கிற வேலை ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். கடைசியாகக் கேட்டீர்களே, அதுதான் பெரிய கேள்வி. ஒரு நோட்டை வைத்தே பார்த்துவிடுவோம். மாதிரிக்கு நான் எழுதியதுதான், ஆனால் உங்கள் நோட்டுக் கட்டில் இதுபோல நூறு இருக்கும்.

```
VA  RE 6/18p PH 6/9   LE CF 2m PH NI
AT  16/24 @ 11.20
Fundus  RE CDR 0.5 FR+   LE no view, dense cat
```

முதல் வரியில் வலது கண் பார்வை 6/18. சாதாரணக் கண் 18 மீட்டரில் படிக்கிற எழுத்தை இவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார். பின்னால் உள்ள `p`, அந்த வரியை முழுதாகப் படிக்கவில்லை என்பதற்கு. பின்ஹோல் வைத்தால் 6/9 வருகிறது. இடது கண்ணில் சார்ட்டே படிக்க முடியவில்லை, 2 மீட்டரில் விரல் எண்ணுகிறார், பின்ஹோல் வைத்தும் முன்னேற்றம் இல்லை.

இரண்டாவது வரியில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். மேலே 6/18 என்பது ஒரே கண்ணின் அளவு. இங்கே 16/24 என்பது இரண்டு கண்ணின் பிரஷர்: வலது 16, இடது 24. சாய்வுக்கோடு ஒன்றுதான், வேலை வேறு. அதனால் `AT` என்ற சொல்லைப் பார்த்த பிறகுதான் எண்ணைப் படிக்க வேண்டும். அது அப்ளனேஷன் முறையில் எடுத்தது என்று சொல்கிறது. காற்று ஊதி எடுக்கும் மெஷினில் எடுத்த பிரஷரோடு இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடக் கூடாது. ஆகவே முறைக்கு ஒரு கட்டம், நேரத்துக்கு ஒரு கட்டம். ஒரே ஆளுக்குக் காலையில் ஒரு பிரஷர், மாலையில் ஒரு பிரஷர் இருக்கும்.

ஷீட்டை எப்படி அமைப்பது என்றால், ஒரு வருகையில் ஒரு கண்ணுக்கு ஒரு வரிசை. நோயாளிக்கு ஒரே வரிசை வைத்து வலது, இடது என்று கட்டங்களை நீட்டாதீர்கள். நீட்டினால் பிறகு எந்தக் கணக்குப் போட்டாலும் இரண்டு முறை போட வேண்டிவரும். இந்த நோட்டு இப்படி ஆகும்:

```
eye,va,va_ph,iop,method,time,fundus,cdr
R,6/18p,6/9,16,AT,11:20,seen,0.5
L,CF 2m,NI,24,AT,11:20,no_view,
```

தட்டச்சு செய்வதற்கு முன் ஒரு சின்ன விஷயம். பார்வைக்கான `va`, `va_ph` இரண்டு பத்திகளையும் முதலிலேயே டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 6/9 என்று அடித்ததும் எக்செல் அதைத் தேதி ஆக்கிவிடும். பிறகு டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் ஐந்து இலக்க எண் ஒன்றுதான் மிஞ்சும், பார்வை திரும்பி வராது.

சரி, இடது கண்ணின் ஃபண்டஸைப் பாருங்கள். பிரஷர் 24, சந்தேகப்பட வேண்டிய அளவு. அந்தப் பிரஷரால் பார்வை நரம்புக்குச் சேதம் உண்டா என்று தெரிய டிஸ்க்கைப் பார்த்தாக வேண்டும். ஆனால் கண்புரை முற்றியதால் டாக்டருக்கு உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் படிக்கிறவர், குறை எதுவும் இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். நார்மல் என்று போட்டால் அது பொய். இந்தக் கண்ணுக்குப் புரை அறுவை முடிந்ததும் யாராவது டிஸ்க்கைப் பார்த்தே ஆக வேண்டும், அதற்கு ஷீட்டில் ஒரு குறி வேண்டும்.

ஆகவே ஃபண்டஸுக்கு நிலை என்று தனிக் கட்டம் வையுங்கள். `seen` என்றால் பார்த்தார். `no_view` என்றால் பார்க்க முயன்றார், தெரியவில்லை. `not_done` என்றால் பார்க்கவில்லை என்று நோட்டிலேயே இருக்கிறது, உதாரணமாக நோயாளி சொட்டு மருந்து வேண்டாம் என்று போய்விட்டார். `not_recorded` என்றால் நோட்டில் ஒரு வார்த்தையும் இல்லை. கடைசி இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லி உங்களிடம் சண்டைக்கு வருவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். பார்க்காதது வேறு, பார்த்துவிட்டு எழுத மறந்தது வேறு. எது நடந்தது என்று ஏற்றுகிறவர் ஊகிக்கக் கூடாது. முடிந்தால் கண் பாப்பாவை விரித்துப் பார்த்ததா என்பதற்கும் ஒரு கட்டம் வையுங்கள். விரிக்காமல் பார்த்தால் டிஸ்க்கும் நடுப்பகுதியும் தெரியலாம், விழித்திரையின் ஓரம் தெரியாது.

பிரஷருக்கும் இதே கதைதான். எடுக்காத இடத்தில் 0 போட்டுவிடுவார்கள். சுருங்கிப்போன கண்ணில் உண்மையாகவே பிரஷர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும், இரண்டையும் பிரிக்க முடியாமல் போகும், சராசரியும் கீழே இறங்கிவிடும். காலியாக விட்டு, பக்கத்துக் கட்டத்தில் காரணத்தை எழுதுங்கள்.

சராசரி என்றதும் ஞாபகம் வருகிறது. 6/18, 6/9 இவற்றை அப்படியே கூட்டி வகுக்க முடியாது. லாக்மாருக்கு மாற்ற வேண்டும்:

```
logMAR = log10(18/6) = 0.48
logMAR = log10(9/6)  = 0.18
```

விரல் எண்ணுவதற்கும் கை அசைவுக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் ஏதாவது ஒரு எண் கொடுத்திருப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எண் கட்டத்தைக் காலியாக விட்டு, வகையை மட்டும் வையுங்கள். வெளிச்சமே தெரியாத கண்ணுக்கு எந்த எண்ணும் கிடையாது. டாக்டர் எழுதியதை எழுதியபடியே ஒரு பத்தியில் வைத்துக்கொண்டு, லாக்மாரைப் பக்கத்தில் போடுங்கள். `6/18p` அழிந்துவிடக் கூடாது.

இனி வலது, இடது குழப்பம். நான் முன்பு வேலை செய்த ஒரு இடத்தில் இதில் நன்றாக அடிபட்டிருக்கிறேன். டாக்டர் நோயாளியை நேராகப் பார்ப்பதால் கண் படம் வரையும்போது வலது கண்ணைத் தாளின் இடது பக்கம் வரைவார். எங்கள் ஷீட்டை ஏற்றிய தம்பி அது தெரியாமல் தாளில் இடது பக்கம் இருந்ததை எல்லாம் இடது கண் என்று அடித்துவிட்டான். ஒரு பதிவேடு முழுக்க. எப்படிக் கண்டுபிடித்தோம் என்றால், புரை அறுவை ஆனவர்களை மட்டும் வடிகட்டினேன். அறுவைப் பதிவில் வலது கண், எங்கள் ஷீட்டிலோ செயற்கை லென்ஸ் இடது கண்ணில். நாலைந்து பேருக்கு அப்படியே இருந்தது. இந்தச் சோதனையை முதல் ஐம்பது நோட்டிலேயே செய்துவிடுங்கள். முழுதும் ஏற்றிய பிறகு செய்தால் அழுகைதான் வரும். அப்புறம் `BE` என்றோ `OU` என்றோ இருந்தால் இரண்டு கண்ணின் வரிசையிலும் எழுதுங்கள். இடது கண்ணுக்கு "do" என்று மட்டும் இருந்தால் மேலே உள்ளது மொத்தமும் அதற்கும் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, தாளைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியவை எவை என்று சொல்லிவிடுகிறேன். பிரஷர் 5-க்குக் கீழே அல்லது 60-க்கு மேலே, கப் டிஸ்க் விகிதம் 1-ஐத் தாண்டியது, `no_view` என்று போட்டுவிட்டு அதே வரிசையில் விகிதமும் எழுதியது, பின்ஹோலில் பார்வை குறைந்தது. கடைசியாகச் சொன்னது சில நேரம் உண்மையாகவே நடக்கும், மாக்குலா கெட்டிருந்தால் அப்படி ஆகலாம். அதனால் திருத்திவிடாதீர்கள், தாளோடு ஒத்துப்பார்த்தால் போதும்.